திங்கள் காலை இடைவெளி: ஃபியூச்சர்ஸ் சார்ட்டில் தெரியும் “கேப்” கட்டாயம் நிரம்புமா?

தேக்காவில் ஞாயிறு மாலை காப்பிக்கு உட்கார்ந்தால் நண்பர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளையே இங்கே தொகுத்திருக்கிறேன். பின்னொரு தேதிக்கு இன்றே விலை பேசும் ஒப்பந்தங்களான பிட்காயின் ஃபியூச்சர்ஸைப் பற்றிக் கேட்பவர்கள்தான் மிகுதி. ஆனாலும் கேப் கட்டாயம் நிரம்பும், அதாவது விலை வெள்ளிக்கிழமை விலைக்கே திரும்பி வரும் என்ற நம்பிக்கையைச் சோதிக்கப் பிட்காயினைவிடக் கச்சா எண்ணெய் நல்ல களம் என்பதால், நீண்ட எடுத்துக்காட்டை அங்கிருந்து எடுத்திருக்கிறேன்.

வாரக் கடைசி கேப் என்பது என்ன? அது ஏன் வருகிறது?

சந்தை மூடியிருந்த நேரத்தில் விலை நகர்ந்துவிட்டது என்பதைத் தவிர அதில் வேறு மர்மம் இல்லை. சிகாகோவின் சிஎம்இ சந்தையில் பிட்காயின் ஃபியூச்சர்ஸ் 2017 டிசம்பரில் தொடங்கியது. அதன்பின் பல ஆண்டுகளாக அங்கே வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்கு மூடி, ஞாயிறு மாலை ஐந்து மணிக்குத் திறப்பதே வழக்கமாக இருந்தது. சிங்கப்பூர் நேரப்படி, அமெரிக்காவின் குளிர்கால மாதங்களில் அது சனி காலை ஆறு மணி முதல் திங்கள் காலை ஏழு மணி வரை. அவர்கள் கோடையில் கடிகாரத்தை மாற்றும்போது நமக்கு ஒரு மணி நேரம் முன்னதாக வரும். ஆக மொத்தம் 49 மணி நேரம் கதவு சாத்தியிருந்தது. பிட்காயினோ சனி, ஞாயிறு பாராமல் மற்ற தளங்களில் கைமாறிக்கொண்டே இருக்கிறது. திங்கள் காலை வேலைக்குப் போகும் வழியில், எம்ஆர்டியில் நின்றபடி கைப்பேசியில் சார்ட்டைத் திறப்பவர், வெள்ளிக்கிழமை கேண்டிலுக்கும் புதிய கேண்டிலுக்கும் நடுவே ஒரு வெற்றிடத்தைப் பார்க்கிறார். அந்த விலைகளில் எங்குமே வணிகம் நடக்கவில்லை என்று அதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. அந்தச் சந்தையில் மட்டுமே நடக்கவில்லை.

கச்சா எண்ணெயின் நிலை வேறு. சனிக்கிழமையில் ப்ரென்ட் எண்ணெய்க்குப் பெரிய மாற்றுச் சந்தை எதுவும் திறந்திருப்பதில்லை. செய்தி மட்டும் வந்து குவிகிறது. திங்கள் காலை முதல் விலை அந்தச் செய்தி முழுவதையும் ஒரே அடியில் சுமந்துகொண்டு வருகிறது.

எல்லா கேப்பும் ஒரு நாள் நிரம்பியே தீரும் என்கிறார்களே, அது உண்மையா?

இல்லை. 2020 ஜூலை கடைசியில் சிஎம்இ பிட்காயின் சார்ட்டில் 9,600 டாலரை ஒட்டித் தொடங்கி மேல்நோக்கி ஓர் இடைவெளி விழுந்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் விலை பத்தாயிரம் டாலர் அளவுக்கு இறங்கியபோது, “9,600 வரை வந்துதான் திரும்பும்” என்று பலரும் வாங்காமல் காத்திருந்தார்கள். விலை அவ்வளவு தூரம் வரவில்லை. 2021 நவம்பரில் 69,000ஐ எட்டி, 2022 நவம்பரின் பெரும் சரிவிலும் 15,500 அளவிலேயே நின்றது. காத்திருந்தவர்களில் நானும் ஒருவன். அந்த நாளில் இழுத்த கிடைக்கோட்டை இன்னும் சார்ட்டிலிருந்து அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

“ஒரு நாள்” என்ற சொல்லையும் கவனிக்க வேண்டும். காலக்கெடு இல்லாத கூற்றைப் பொய்யென்று காட்ட யாராலும் முடியாது. ஐந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் நிரம்பாத இடைவெளியைக் காட்டினால், “இன்னும் நிரம்பவில்லை, அவ்வளவுதான்” என்று பதில் வரும்.

நானே ஒரு வருடக் கணக்கை எடுத்து எண்ணிப் பார்த்தேன். பத்தில் எட்டு, ஒன்பது நிரம்பியிருக்கிறது. அது ஆதாரம் இல்லையா?

நீங்கள் எண்ணியது சரியாகவே இருக்கும். ஆனால் எண்ணிக்கை சரியாக இருப்பதாலேயே முடிவு சரியாகிவிடாது. எந்த விலையிலிருந்து பார்த்தாலும், அருகில் உள்ள ஒரு விலையைச் சந்தை சில நாட்களுக்குள் தொட்டுவிடுவது மிக இயல்பான நிகழ்வு. அங்கே இடைவெளி இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு சந்தையின் தினசரி ஏற்ற இறக்கத்தின் திட்ட விலக்கம் 2.5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். திங்கள் காலை விலை ஒரு சதவீத இடைவெளியோடு திறக்கிறது. இனி விலை எந்தப் பக்கமும் சாயாமல், நாணயம் சுண்டியது போலத் தற்செயலாக மட்டுமே நகர்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். அப்படிப்பட்ட விலை ஐந்து நாட்களுக்குள் வெள்ளிக்கிழமை விலையைத் தொடும் வாய்ப்பைக் கணக்கிடும் எக்செல் வரி இது:

```
=2*(1-NORM.S.DIST(1/(2.5*SQRT(5)),TRUE))
```

விடை 0.858, அதாவது சுமார் 86 சதவீதம். இந்தக் கற்பனைச் சந்தைக்கு வெள்ளிக்கிழமை விலை என்ற நினைவே கிடையாது. இடைவெளியை நிரப்ப வேண்டும் என்ற கடமையும் கிடையாது. அப்படியிருந்தும் ஏழில் ஆறு முறை அது ஒரே வாரத்துக்குள் நிரம்பிவிடுகிறது. பெரும்பாலான வாரக் கடைசி இடைவெளிகள் சிறியவை. ஆகவே உங்கள் பத்தில் எட்டு, ஒன்பது என்பது தற்செயல் மட்டுமே தரக்கூடிய அளவுக்கு மிக அருகில் நிற்கிறது. அதே வரியில் வகுத்தல் குறிக்கு முன்னால் உள்ள 1 என்பதை 5 ஆக மாற்றினால், ஐந்து சதவீத இடைவெளிக்கு வாய்ப்பு 37 சதவீதமாகச் சுருங்கிவிடும். நம்பிக்கை பொய்த்துப்போய்ப் பணத்தைக் கரைப்பது பெரும்பாலும் இந்தப் பெரிய இடைவெளிகளில்தான்.

அப்படியானால், கேப்புக்கு உண்மையிலேயே ஈர்ப்புச் சக்தி உண்டா என்று எப்படிச் சோதிப்பது?

எதிர்ப்பக்கத்திலும் ஒரு கோடு போடுங்கள். நான் இதைக் கண்ணாடிக் கோடு என்று சொல்வது வழக்கம். வெள்ளிக்கிழமை விலை 100, திங்கள் திறப்பு 102 என்றால், இடைவெளியின் இலக்கு கீழே 100. திறப்பிலிருந்து அதே தூரத்தில் மேலே 104இல் கண்ணாடிக் கோடு. இப்போது இரண்டையும் ஒரே காலக்கெடுவுக்குள், ஒரே விதியால் எண்ணுங்கள். ஐந்து வணிக நாட்களுக்குள் 100ஐத் தொட்டவை எத்தனை, 104ஐத் தொட்டவை எத்தனை? முதல் எண்ணிக்கை இரண்டாவதைவிடத் தெளிவாகக் கூடுதலாக இருந்தால் மட்டுமே ஈர்ப்பைப் பற்றிப் பேசத் தொடங்கலாம். இரண்டும் ஏறத்தாழச் சமமாக இருந்தால், விலை அசைகிறது என்பதைத்தான் நீங்கள் எண்ணியிருக்கிறீர்கள்.

எண்ணத் தொடங்கும் முன்பே விதிகளை ஒரு தாளில் எழுதி வைப்பது நல்லது. இடைவெளியின் ஓரமாக வெள்ளிக்கிழமை கடைசி விலையைக் கொள்வதா, அன்றைய உச்ச, அடி விலைகளைக் கொள்வதா. நிரம்புதல் என்றால் ஓரத்தைத் தொட்டால் போதுமா, முழுவதும் கடக்க வேண்டுமா. எத்தனை நாள் அவகாசம். இவற்றை எண்ணும்போதே முடிவு செய்தால், கை தானாகவே நமக்குப் பிடித்த விடையின் பக்கம் போகும். பாதி நிரம்பிய ஒன்றை ஒரு முறை “நிரம்பியது” என்றும், இன்னொரு முறை “பரவாயில்லை, காத்திருப்போம்” என்றும் எழுதிய நோட்டுப் புத்தகங்களை நான் பார்த்திருக்கிறேன்.

தாமதமானாலும் நிரம்பத்தானே போகிறது? பொறுமையாகக் காத்திருந்தால் கடைசியில் லாபம்தானே?

இந்தக் கேள்விக்கு 2020 மார்ச் மாத ப்ரென்ட் எண்ணெயே பதில் சொல்லும். 2020 மார்ச் 6, வெள்ளிக்கிழமை, ஒபெக் நாடுகளும் ரஷ்யாவும் உற்பத்தியைக் குறைக்கும் உடன்பாட்டை எட்ட முடியாமல் பிரிந்தன. அன்று ப்ரென்ட் 45.27 டாலரில் முடிந்தது. வாரக் கடைசியில் சவூதி அரேபியா விலைக் குறைப்பில் இறங்கியது. சந்தை மீண்டும் திறந்த சிறிது நேரத்தில் விலை 31.02 வரை விழுந்து, திங்கட்கிழமை முடிவில் 34.36இல் நின்றது. மாத ஒப்பந்தங்களை ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டிக் காட்டும் தொடர் சார்ட்டில் பார்த்தால், அந்தப் பெரிய இடைவெளி ஆகஸ்ட் முதல் வாரத்தில் நிரம்பிவிட்டது, விலை 45.27ஐத் தாண்டியது. ஐந்து மாதம் ஆனாலும் நம்பிக்கை பலித்ததாகவே தோன்றும்.

இப்போது ஒருவர் மார்ச் 9 முடிவில் 34.36க்கு ஓர் ஒப்பந்தம் வாங்கி, 45.27க்குக் காத்திருந்தார் என்று வைத்துக்கொள்வோம். ஓர் ஒப்பந்தம் ஆயிரம் பீப்பாய். அவர் எதிர்பார்ப்பது பீப்பாய்க்கு 10.91 டாலர், அதாவது 10,910 அமெரிக்க டாலர்.

அவர் வாங்கியது மே மாத ஒப்பந்தம். அது மார்ச் 31 அன்று 22.74இல் காலாவதியானது. அந்த ஒப்பந்தத்தின் வாழ்நாளில் இடைவெளி நிரம்பவே இல்லை. இனி நிரம்பவும் வழியில்லை. அவர் கையில் 11,620 டாலர் நஷ்டம். காத்திருப்பைத் தொடர வேண்டுமானால் ஜூன் ஒப்பந்தத்துக்கு மாற வேண்டும். அன்றைய ஜூன் விலை 26.35. அதாவது, 22.74க்கு விற்றுவிட்டு 26.35க்கு வாங்குகிறார். தொடர் சார்ட்டில் இந்த 3.61 டாலர் ஏற்றம் போலத் தெரியும். அவருடைய கணக்கில் ஒரு காசும் ஏறவில்லை.

அடுத்த மாத விலை இந்த மாத விலையைவிட உயர்ந்து நிற்கும் இந்த நிலைக்குக் கான்டாங்கோ என்று பெயர். அந்த வசந்த காலத்தில் எண்ணெயைச் சேமிக்க இடம் தீர்ந்துகொண்டிருந்ததால் அது மிகக் கடுமையாக இருந்தது. மே மாதக் கடைசியில் ஜூலை ஒப்பந்தம் 35.33இல் முடிந்தபோது ஆகஸ்ட் 37.84இல் இருந்தது, அங்கேயும் இரண்டரை டாலர் போயிற்று. ஆகஸ்டில் சார்ட் 45.27ஐக் காட்டிய நாள்வரை அவர் ஐந்து முறை ஒப்பந்தம் மாறியிருப்பார். அந்த மாற்றங்களில் மட்டும் கரைந்தது மொத்தம் சுமார் ஏழரை டாலர். எதிர்பார்த்த 10.91 டாலரில் அவருக்கு மிஞ்சியது பீப்பாய்க்கு மூன்று டாலர் சொச்சம், கமிஷன் தனி.

நடுவில் பட்ட பாட்டையும் சேர்க்க வேண்டும். ஏப்ரல் 21 அன்று ஜூன் ஒப்பந்தம் 19.33இல் முடிந்தது. அன்று அவருடைய மொத்த நஷ்டம் ஓர் ஒப்பந்தத்துக்கு 18,600 டாலரைத் தாண்டியிருக்கும். மார்ஜின் எனும் ஈட்டுப் பணம் கேட்டு தரகரிடமிருந்து வரும் ஒவ்வோர் அழைப்புக்கும் நம்முடைய வெள்ளியை அமெரிக்க டாலராக மாற்றிப் போட்டுக்கொண்டே இருந்தால்தான் அவர் ஆகஸ்ட்டைப் பார்த்திருக்க முடியும். பெரும்பாலான கணக்குகளைத் தரகரே ஏப்ரலில் மூடியிருப்பார். சார்ட்டில் நிரம்பிய அதே இடைவெளி, காத்திருந்தவரின் பையைக் காலி செய்திருக்கும்.

திங்கட்கிழமை சார்ட்டில் தெரியும் எல்லா கேப்பும் வாரக் கடைசியால் வந்ததுதானா?

இல்லை, இதைப் பலரும் கவனிப்பதில்லை. மேலே சொன்னது போல, தொடர் சார்ட் என்பது ஒரு மாத ஒப்பந்தத்தின் வாலில் அடுத்ததன் தலையை ஒட்டிய சங்கிலி. சிஎம்இ பிட்காயின் ஒப்பந்தங்கள் மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமையில் காலாவதியாகின்றன. ஆகவே அதை அடுத்த திங்கள் காலை இடைவெளியில், வாரக் கடைசி நகர்வும் ஒப்பந்த மாற்றமும் கலந்திருக்க வாய்ப்புண்டு.

2025 பிப்ரவரி 28 அப்படிப்பட்ட ஒரு கடைசி வெள்ளி. அந்த ஞாயிறு அமெரிக்க அதிபர் டிரம்ப், அரசின் கிரிப்டோ இருப்பு பற்றி சமூக ஊடகத்தில் எழுதியதும் விலை எகிறியது. திங்கள் காலை பெரிய இடைவெளி தெரிந்தது. ஓரிரு நாட்களில் அது நிரம்பியும்விட்டது. அங்கே செய்தியின் பங்கு மிகப் பெரியது என்பதால் ஒப்பந்த மாற்றம் ஒரு பொருட்டாகவில்லை. அமைதியான மாதக் கடைசியிலோ இடைவெளி முழுவதுமே ஒப்பந்த மாற்றமாக இருந்துவிடலாம். அது “நிரம்ப” வேண்டிய காரணம் எதுவும் இல்லை, ஏனென்றால் அங்கே எதுவும் நகரவே இல்லை.

கண்டுபிடிக்கும் வழி எளிது. டிரேடிங்வியூவில் `BTC1!` என்ற தொடர் சார்ட்டைப் பார்ப்பதோடு நிறுத்தாமல், `BTCH2025` போல ஒரே ஒப்பந்தத்தின் சார்ட்டையும் திறந்து, அதே திங்கள் காலையைப் பாருங்கள். அங்கேயும் இடைவெளி இருந்தால் அது வாரக் கடைசியால் வந்தது. இல்லாவிட்டால் அது ஒட்டுப்போட்ட இடம். சார்ட்டில் பழைய விலைகளைச் சரிக்கட்டும் வசதியை இயக்கியிருந்தால் இன்னொரு குழப்பமும் உண்டு: பழைய இடைவெளியின் உயரமே திரையில் வேறு எண்ணாக மாறிவிடும். ஒருவர் நிரம்பியது என்பதையும் இன்னொருவர் நிரம்பவில்லை என்பதையும், இருவரும் நேர்மையாகவே சொல்லக்கூடும்.

ஸ்டாப் லாஸ் போட்டுவிட்டு, கேப் நிரம்பும் பக்கம் வணிகம் செய்தால் ஆபத்து இல்லையே?

இடைவெளி ஒரு சதவீதம், நஷ்டம் மிஞ்சாமல் தானாக வெளியேற்றும் ஸ்டாப் ஐந்து சதவீதத் தூரத்தில் என்று வைத்துக்கொள்ளுங்கள். தற்செயலாக நகரும் விலை முதலில் இலக்கைத் தொடும் வாய்ப்பு ஆறில் ஐந்து. ஐந்து முறை ஒரு சதவீதம் கிடைக்கும். ஆறாவது முறை ஐந்து சதவீதம் போகும். கூட்டிக் கழித்தால் பூஜ்யம், அதிலும் கமிஷன் போனால் நஷ்டம். “எனக்குப் பத்தில் எட்டு முறை பலிக்கிறது” என்பவரின் கணக்குப் புத்தகத்தை வாங்கி, தோற்ற இரண்டின் அளவைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

மேலும், ஸ்டாப் என்பது ஒரு விலைக்கான உத்தரவாதம் அல்ல. சந்தை மூடியிருக்கும் நேரத்தில் அது வேலை செய்வதில்லை. அடுத்த வாரக் கடைசியில் விலை உங்கள் ஸ்டாப்பைத் தாண்டிக் குதித்தால், திறந்தபின் கிடைக்கும் விலையில்தான் வெளியேற முடியும். ஓர் இடைவெளி நிரம்பும் என்று பிடித்துக்கொண்டிருப்பவர், அதே திசையில் விழும் இரண்டாவது இடைவெளிக்குத் தன்னைத் திறந்து வைத்திருக்கிறார்.

எது நிரம்பும், எது நிரம்பாது என்று முன்கூட்டியே ஏதாவது சொல்ல முடியுமா?

உறுதியாக முடியாது, ஆனால் இரண்டு விஷயங்களைப் பார்க்கலாம். முதலாவது, இடைவெளியின் அளவைச் சந்தையின் தினசரி அசைவோடு ஒப்பிடுவது. இரண்டாவது, அதை உண்டாக்கிய காரணம் தீரக்கூடியதா என்பது.

2019 செப்டம்பர் 14, சனிக்கிழமை, சவூதியின் அப்கைக் எண்ணெய் ஆலை தாக்கப்பட்டது. வெள்ளிக்கிழமை 60.22இல் முடிந்திருந்த ப்ரென்ட், திங்கள் 69.02இல் முடிந்தது. ஓரிரு நாட்களிலேயே, மாதக் கடைசிக்குள் உற்பத்தி பழைய நிலைக்கு வரும் என்று சவூதி அறிவித்தது. இரண்டு வாரத்தில் விலையும் 60ஐ ஒட்டி இறங்கிவிட்டது. காரணம் பழுதுபார்க்கக்கூடியதாக இருந்தது. பழுது சரியானதும் விலை திரும்பியது. 2020 மார்ச்சிலோ விலைப் போரோடு பெருந்தொற்றும் சேர்ந்துகொண்டு, காரணம் நாளுக்கு நாள் வளர்ந்தது. இரண்டு திங்கட்கிழமைகளிலும் சார்ட்டில் தெரிந்த வெற்றிடம் ஒரே மாதிரிதான். வேறுபாடு சார்ட்டுக்கு வெளியே இருந்தது.

பிட்காயின் ஃபியூச்சர்ஸும் வாரம் முழுவதும் திறந்திருக்கும் என்கிறார்களே, அப்போது இந்தப் பேச்சே இருக்காதா?

கிரிப்டோ ஃபியூச்சர்ஸை வாரத்தின் ஏழு நாளும் நடத்தும் திட்டத்தைச் சிஎம்இ 2025 அக்டோபரில் அறிவித்தது. கதவு சாத்தாத சந்தையில் வாரக் கடைசி இடைவெளி புதிதாக விழ வழியில்லை. பராமரிப்புக்காகச் சிறிது நேரம் நிறுத்தினால் மிகச் சிறியவை மட்டும் தோன்றலாம். ஒப்பந்த மாற்றத்தால் வருபவை அப்போதும் இருக்கும், ஆகவே `BTC1!` சார்ட்டில் வெற்றிடம் தெரிந்தால் தனி ஒப்பந்தத்தைத் திறந்து பார்க்கும் வேலை குறையாது. பழைய சார்ட்டில் 9,600க்கு மேலே உள்ள வெற்றிடமும் அங்கேயே இருக்கும்.